தள்ளுவண்டிக்கு மூன்று கடன்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: மதுரையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறோம். மூன்று கடன் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் சரக்கெடுக்க விடியற்காலையில் 2,700 வாங்கி சாயங்காலம் 3,000 கொடுக்கிறோம். தண்டல் 20,000, கையில் வந்தது 17,000, தினம் 200, இன்னும் 60 நாள் பாக்கி. வீட்டு அட்வான்ஸுக்கு வாங்கிய 50,000க்குப் பத்து வட்டி. 14 மாதமாக மாதம் 5,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்று செக்கும் புரோநோட்டும் அவரிடம் இருக்கின்றன. சரக்கு, ஆட்டோ போக நாளுக்கு 1,150 நிற்கும். மாதம் 26 நாள் வியாபாரம். அம்மா கொடுத்த ஒரு பவுன் செயின் மட்டும் மிச்சம். அதை விற்று எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

பதில்:

செயினை விற்க வேண்டாம். வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தொல்லை ஒரே நாளில் ஓயும். ஆனால் நீங்கள் எழுதிய கணக்கையே திருப்பிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

மூன்று கடனும் மாதத்துக்கு எவ்வளவு வட்டி தின்கின்றன என்று தனித்தனியாக எழுதுங்கள். 50,000 கடனுக்கு 5,000. தண்டலில் 3,000 முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள், அதை 100 நாளுக்குப் பிரித்தால் மாதம் 900க்குக் கிட்டே. காலையில் வாங்கும் 2,700க்கு? நாளுக்கு 300, இருபத்தாறு நாளுக்கு 7,800. ராத்தூக்கம் கெடுப்பது ஐம்பதாயிரம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வருமானத்தை அதிகம் கரைப்பது அந்த இரண்டாயிரத்து எழுநூறுதான். அதற்கு வட்டி நாளொன்றுக்குப் பதினோரு சதவீதம். காலையில் வாங்கிச் சாயங்காலம் கொடுத்துவிடுவதால் அது கடன் மாதிரியே தெரிவதில்லை. ஆட்டோக் கூலி, சுமைக்கூலியோடு சேர்ந்து அதுவும் ஒரு செலவு என்று மனம் பழகிவிடுகிறது. மார்க்கெட்டில் பல பேரிடம் "உங்களுக்குக் கடன் எவ்வளவு?" என்று கேட்டால் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

அதனால் முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான். வெட்ட 2,700 போதும், ஒரு பவுன் செயினை விற்கத் தேவையில்லை. பக்கத்தில் உள்ள கூட்டுறவு வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ செயினை அடகு வைத்து 5,000 மட்டும் வாங்குங்கள். உறுப்பினராகச் சேரச் சொல்வார்கள், அதற்குச் சிறு தொகைதான் ஆகும். ஆதார், போட்டோ கொண்டுபோங்கள். வட்டி மாதத்துக்கு ரூபாய்க்கு ஒரு பைசாவை ஒட்டித்தான் இருக்கும், அதாவது 5,000க்கு ஐம்பது ரூபாய் சுற்று வட்டாரம். இங்கே ஒரு எச்சரிக்கை. நகையை எடை போட்டுவிட்டு, "இதுக்கு இவ்வளவு வரைக்கும் கிடைக்கும்மா, எவ்வளவு வேணும்?" என்று பெரிய தொகை சொல்வார்கள். அந்த நேரத்தில் ஐம்பதாயிரக் கடன் கண் முன்னால் வந்து நிற்கும். வாங்காதீர்கள். ஐயாயிரத்துக்குக் கணக்குப் போட மாட்டோம், குறைந்தபட்சம் இவ்வளவு என்றால் அதை வாங்கி, மீதியை அதே வாரம் திருப்பிக் கட்டிவிடுங்கள்.

அந்த 5,000இல் 2,700 நாளைக்குச் சரக்கெடுக்க. அது இனி உங்கள் கைமுதல். மீதி 2,300 வேறு ஒரு வேலைக்கு, அதைக் கீழே சொல்கிறேன். மறுநாளிலிருந்து சாயங்காலம் வட்டிக்காரருக்குப் போன 300 உங்களிடம் நிற்கும். அதை வீட்டுச் செலவில் கலக்காமல் பதினேழு வியாபார நாள் சேர்த்தால் 5,100. செயின் வீட்டுக்கு வந்துவிடும், வட்டியாகச் சில பத்து ரூபாய் போயிருக்கும். மூன்று வாரத்தில் கைமுதலும் உங்களுடையது, செயினும் உங்களுடையது.

இதைப் படிக்கிற, அடகு வைக்கவும் ஒன்றுமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கொஞ்சம் மெதுவான வழி. இந்தக் கடன் பெரும்பாலும் 900 கொடுத்து 1,000 வாங்கும் கட்டாகத்தான் நடக்கும், நீங்கள் வாங்குவது மூன்று கட்டு. தினம் ஐம்பது ரூபாய் தனியாக வைத்தால் 18 நாளில் 900 சேரும். அன்றிலிருந்து இரண்டு கட்டு வாங்கினால் போதும். வட்டியில் நூறு மிச்சம், ஆக தினம் 150 சேரும். அடுத்த 900 ஆறே நாளில். பிறகு ஒரு கட்டுதான், தினம் 250 சேரும், நாலு நாளில் அதுவும் முடிந்தது. மொத்தம் 28 வியாபார நாள், சொந்தமாக எடுத்துவைத்தது 1,400 ரூபாய்தான். மற்ற பாதியை, கட்டாமல் விட்ட வட்டியே சேர்த்துக் கொடுத்துவிட்டது. முதல் பதினெட்டு நாள்தான் கஷ்டம், ஒன்றும் நகராத மாதிரி இருக்கும்.

இப்போது அந்த 2,300. சென்னை கோயம்பேட்டில் உங்களைப் போலவே தினக்கடன் வாங்கும் சிறு வியாபாரிகளை வைத்து 2007 வாக்கில் ஒரு ஆய்வு நடந்தது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது. பிலிப்பைன்ஸிலும் இதே மாதிரி செய்தார்கள். சிலருடைய வட்டிக்கடனை ஆய்வாளர்களே முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். ஒரு பைசா பாக்கி இல்லை. உங்கள் வீட்டுக்காரர் நினைக்கிற அதே காரியம், அதுவும் நகை போகாமல். என்ன ஆனது? பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனில் இருந்தார்கள். ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைக் கேட்டதும் "ஊதாரித்தனம்" என்று சொல்லிவிடுவது சுலபம். மார்க்கெட்டில் நடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது, தக்காளியும் கீரையும் பாதிக்கு மேல் நின்றுவிடுகின்றன. அன்றைக்குக் கையில் 1,900தான். அதிலிருந்து அரிசி, பிள்ளைக்கு மருந்து வாங்க 500 போகிறது. மறுநாள் காலையில் சரக்குக்கு 1,400 இருக்கிறது, 1,300 குறைகிறது. வட்டிக்காரர் அதே மூலையில், அதே டீக்கடை வாசலில் நிற்கிறார். "என்னக்கா, ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்பார். இரண்டு கட்டு வாங்குவீர்கள். அன்று சாயங்காலம் வட்டிக்கு இருநூறு போகும், மறுநாள் மறுபடி குறையும். ஒரு மழைதான், அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. கடனை அடைப்பது ஒரு நாள் வேலை, முதலைத் தின்னாமல் காப்பதுதான் தினசரி வேலை.

அதற்குத்தான் அந்த 2,300. மழைநாள் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் வைக்காதீர்கள், கணக்கில் போட்டு வையுங்கள். தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது, எடுக்க நடக்க வேண்டியிருக்கும், அந்த நடை ஒரு தடை. இதைத் தொட ஒரே ஒரு காரணம்தான், மறுநாள் சரக்குக்கு முதல் குறைவது. பண்டிகை, சீர், பள்ளிக்கூடச் சுற்றுலா எதுவும் இதில் சேராது. தொட்டால், அந்த வாரமே திரும்ப நிரப்ப வேண்டும்.

கைமுதலுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். வியாபாரம் முடிந்ததும், வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், மறுநாளைக்கான 2,700ஐ எண்ணித் தனிச் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள். மளிகைக்கடையில் நிற்பது அதற்கு அப்புறம். வீட்டுக்கு வந்து எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணுவதற்குள் இருநூறு முந்நூறு கழிந்திருக்கும். முதலும் லாபமும் ஒரே பையில் கிடக்கிற வண்டியில், எது போனது என்று யாருக்கும் தெரிவதில்லை.

சரி, தண்டல். இங்கே பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். இருபதாயிரத்துக்கு மூவாயிரம், அதனால் பதினைந்து சதவீதம் என்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே. பாதி நாளில் உங்களிடம் இருப்பது அவருடைய பணத்தில் பாதிதான். அதையும் கணக்கில் எடுத்தால் வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. அப்படியானால் உடனே அடைக்க வேண்டாமா? வேண்டாம். வட்டியை அவர் முதல் நாளே பிடித்துக்கொண்டுவிட்டார். இன்றைக்கு 12,000ஐ மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது, அவருக்குத்தான் அறுபது நாள் முன்னாடியே காசு கிடைக்கும். "ஒரே தடவையில் முடித்தால் எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேல் குறைத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் தினம் 200ஐக் கட்டிக்கொண்டே போங்கள், அட்டையில் ஒவ்வொரு நாளும் குறிக்க வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தண்டலில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. எழுபதாவது நாள் வாக்கில் வசூலுக்கு வரும் பையன், "அக்கா நீங்க ஒழுங்கா கட்டுறீங்க, புதுசா இருபது போட்டுத் தரச் சொல்றாரு அண்ணாச்சி, பழசைக் கழிச்சுக்கலாம்" என்பான். கேட்க மரியாதையாக இருக்கும். கணக்கு என்னவென்றால், புதிய 20,000இல் 3,000 பிடித்தம், பழைய பாக்கி 6,000 கழிவு, உங்கள் கைக்கு வருவது 11,000. பழைய கணக்கில் 17,000க்கு 3,000 கொடுத்தீர்கள், இப்போது 11,000க்கு அதே 3,000. ஏற்கனவே வட்டி கொடுத்து முடித்த 6,000க்கும் மறுபடி வட்டி கொடுக்கிறீர்கள். இரண்டு மூன்று முறை இப்படித் திரும்பப் போட்டவர்களுக்கு, தாங்கள் முதலில் எதற்காக வாங்கினோம் என்பதே மறந்துபோயிருக்கும். "இந்த நூறு நாள் முடியட்டும் தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நீளும்.

கடைசியாக ஐம்பதாயிரம். இதில் அவசரப்படாமல், ஆனால் தயாராகப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறார்கள். அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஈடு இல்லாத கடனுக்கு அந்த நிர்ணயித்த வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ரூபாய்க்கு ஒரு பைசா. நீங்கள் கொடுப்பது பத்து பைசா.

அந்த ஒரு பைசா வட்டியில் உங்கள் கடனை ஓட்டிப் பார்ப்போம். முதல் மாதம் 50,000க்கு வட்டி 500. நீங்கள் கொடுத்தது 5,000, ஆக 4,500 அசலில் கழிகிறது. அடுத்த மாதம் 45,500க்கு வட்டி 455, மீதி 4,545 அசலில். இப்படியே போனால் பதினோராவது மாதம் கடன் தீர்ந்துவிடுகிறது, மொத்தம் கட்டியிருக்க வேண்டியது ஏறத்தாழ 53,000. நீங்கள் கட்டியது 70,000. சட்டத்தின் கணக்குப்படி உங்களுக்குப் பாக்கியே இல்லை, பதினேழாயிரம் கூடவே போயிருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதி வையுங்கள். அவரிடம் காட்டிச் சண்டை போட அல்ல. நீங்கள் எந்தத் தொகையில் நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிவதற்கு.

ஆனால் 70,000 கொடுத்ததற்கு உங்களிடம் சாட்சி இருக்கிறதா? கையில் கையில் கொடுத்திருந்தால் இருக்காது. அவரிடம் இருப்பதோ நீங்கள் கையெழுத்துப் போட்ட செக். "வெற்று செக்தானே, தொகை அவரே எழுதினது, செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் மற்றதை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகத்தான் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வங்கியில் சொல்லி செக்கை நிறுத்திவைப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே இந்த மாதத்திலிருந்து ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஜிபே மூலமோ வங்கி மூலமோ அனுப்புங்கள். அவர் மறுத்தால், கொடுத்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "அண்ணாச்சி, இன்னைக்கு 5,000 கொடுத்தாச்சு. போன வருஷத்துலேர்ந்து இதோட சேர்த்து 75,000." குற்றச்சாட்டு தொனி வேண்டாம். அவர் "சரி" என்று ஒரு கட்டைவிரல் அனுப்பினாலும் பின்னால் அது உங்களுக்கு உதவும். இரண்டு மூன்று மாதம் இப்படிச் சேரட்டும்.

அதற்குள் உங்கள் கையும் நிமிர்ந்திருக்கும். செயின் மீண்ட பிறகு தினம் 300 மிச்சம், தண்டல் முடிந்ததும் தினம் 500. சரக்கு குறைந்த நாள், வியாபாரம் படுத்த நாள் எல்லாம் தள்ளினாலும் இன்றிலிருந்து நாலு மாதத்தில் 25,000 சேர்ப்பது நடக்கிற காரியம். இதற்கிடையே ஐந்து வட்டி கூடாது, பத்து வட்டி கூடாது, வேறு எந்தப் புதுக் கடனும் கூடாது. அப்புறம் போய் உட்கார்ந்து பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவர், சங்கத்துக்காரரோ அதே மார்க்கெட்டில் பெரிய கடைக்காரரோ, கூட வரட்டும். "அண்ணாச்சி, வட்டியா மட்டும் இவ்வளவு கொடுத்துட்டேன். இனிமே வட்டி கட்ட முடியாது. இருபத்தஞ்சாயிரம் ரெடியா இருக்கு, வாங்கிட்டு பேப்பரைக் கொடுங்க." முதலில் கத்துவார், எழுந்துபோய்விடுவார். பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆள் அனுப்புவார். போட்ட பணத்துக்கு மேலேயே எடுத்துவிட்டார், அது அவருக்குத் தெரியும். முப்பதில் முடிந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை, ஆறு மாத வட்டிதான் அது. சட்டப்படி ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லையே, ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். வழக்கு நடத்திக்கொண்டே அதே தெருவில் வண்டி தள்ளுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல என்பது என் கருத்து. முடியும் என்பவர்கள் தாராளமாக நிற்கலாம்.

பணத்தைக் கொடுக்கும் நாளில் வரிசை முக்கியம். முதலில் புரோநோட்டும் செக்கும் மேஜைக்கு வர வேண்டும். செக் நம்பரை உங்கள் செக் புக்கின் அடிக்கட்டையோடு சரிபாருங்கள். பிறகு பணம். அதன் பிறகு "கடன் முழுவதும் தீர்ந்தது, இனி பாக்கி இல்லை" என்று தேதி போட்டு அவர் கையெழுத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து. "செக் எங்கேயோ கிடக்கு, தேடித் தர்றேன்" என்றால் பணம் தராதீர்கள். தொலைந்தே போனது என்று சாதித்தால் செக் நம்பரைக் குறிப்பிட்டு, அது கிடைத்தாலும் செல்லாது என்று அதே தாளில் எழுதி வாங்குங்கள். அடைத்துத் தீர்த்த கடனுக்கு இரண்டு வருடம் கழித்துச் செக் கிளம்பி வந்து நிற்கும் கதை ரொம்ப சகஜம்.

பேச்சுக்கு வராமல் வீட்டு வாசலில் ஆள் விட்டால், வண்டியைப் பிடுங்கினால் அது வேறு கட்டம். அப்போது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100க்கும் போன் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், அதனால் மனு உங்கள் பெயரில் இருக்கட்டும், வீட்டுக்காரர் பெயரில் வேண்டாம். 2003 சட்டத்தின் கீழ், அசலோடு நிர்ணயித்த வட்டியை மட்டும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கிறது, அதை அந்த வக்கீலே சொல்வார். போலீஸ் ஸ்டேஷனில் "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவைக் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாளிலும் ஒரு நகல் கொடுங்கள். 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்த குடும்பமும் அதற்கு முன் பலமுறை மனு கொடுத்திருந்தது. அதனால் மனுவில் அழுகையைவிடத் தேதியும் தொகையும் அதிகம் இருக்கட்டும், நோட்டில் எழுதிய அந்த மாதவாரிக் கணக்கை அப்படியே இணைத்துவிடுங்கள், எந்த மனுவையும் ரசீது இல்லாமல் விடாதீர்கள்.

செக்கை அவர் வங்கியில் போட்டுத் திரும்பினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதை வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் மூலம் பதில் அனுப்பிவிட வேண்டும்: எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், செக் எப்போது எதற்காகக் கொடுத்தது. பதில் போடாமல் விட்டவர்களின் கதையை நீதிமன்றத்தில் நம்ப வைப்பது பிறகு மிகவும் கடினம்.

மைக்ரோ பைனான்ஸ் குழுக்கடன் வாங்கி இதையெல்லாம் அடைக்கலாமா என்ற யோசனையும் உங்கள் வீட்டில் வந்திருக்கும். வட்டியை மட்டும் பார்த்தால் தண்டலைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் அது வாராவாரம் குறித்த நாளில், குறித்த நேரத்தில், மழையோ வெயிலோ கட்ட வேண்டியது. நீங்கள் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். குழுக் காசு கட்டுவதற்காகத் தண்டல் எடுக்கிற வீடுகள் நிறைய. நாள் வருமானத்தில் ஏற்ற இறக்கம் உள்ள உங்களுக்கு, மழைநாள் காசு இல்லாமல் அதில் இறங்குவது சரிவராது.

அதைவிட, மாநகராட்சியில் தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரதமர் ஸ்வாநிதி கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதத்துக்கு மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். 2020இல் 10,000 என்று தொடங்கியது, 2025இல் முதல் தவணையை 15,000 வரை உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமாக உங்கள் கணக்குக்கே திரும்பி வரும், அடுத்து 25,000, பிறகு 50,000. வங்கியில் இழுத்தடிப்பார்கள், இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதனால் மேலே சொன்னதை இதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். வந்ததும் அதை ஐம்பதாயிரக் கடனில் கொட்டிவிடாதீர்கள். சரக்கைக் கொஞ்சம் கூட்டுங்கள், சீக்கிரம் வாடாத வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டில். மழை பெய்தாலும் மறுநாள் விற்கிற சரக்கு அது.